சிறுகதை: அறுபது (முதல் சம்பளச் சீட்டு, ஓவர்டைம் ரேட்) – படித்துவிட்டுச் சொல்லுங்கள்

கம்பிக்கட்டு எழுதியது:

வணக்கம். பத்து வருஷம் வெளிநாட்டில் கட்டடத் தளத்தில் கம்பி கட்டினேன். புதிதாக வரும் பையன்கள் முதல் சம்பளச் சீட்டைக் கையில் வாங்கும்போது ஒரே இடத்தில்தான் தடுக்கி நிற்பார்கள். அந்த இடத்தைக் கதையாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. எந்த நாடு என்று வேண்டுமென்றேதான் எழுதவில்லை, காசுக்கும் பேர் வைக்கவில்லை. கணக்கில் தப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.

---

செல்வம் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். வேன் விடுதிக்கு வந்து சேர்வதற்குள் மூன்று முறை எடுத்துப் பார்த்துவிட்டான். கட்டுக்கம்பி கீறிய விரல்கள் என்பதால் மடிப்பில் இரண்டு இடத்தில் லேசான ரத்தக் கறை.

அடிப்படைச் சம்பளம் 1,144. அது ஏஜென்ட் சொன்னதுதான், சரி. படி 200. அதுவும் சரி. அதற்குக் கீழே ஒரு வரியில் மூன்று எண்கள் இருந்தன. ஓவர்டைம் மணி 40. ஓவர்டைம் ரேட் 1.5. ஓவர்டைம் தொகை 286.

நாற்பது மணி என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. தினமும் இரண்டு மணி வீதம் இருபது நாள். சின்ன நோட்டில் தேதி போட்டுக் கோடு கோடாக இழுத்து வைத்திருந்தான். ரேட் என்ற சொல்லும் அவனுக்குத் தெரியாததில்லை. கடைக்காரன் கிலோ என்ன ரேட் என்றால் சொல்வான். கொத்தனாருக்கு நாளைக்கு இவ்வளவு என்று ரேட் உண்டு. ரேட் என்றால் விலை. அப்படியானால் ஒரு மணி ஓவர்டைமுக்கு விலை ஒன்றரை.

படுக்கையில் உட்கார்ந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெருக்கினான். நாற்பதை ஒன்றரையால் பெருக்கினால் அறுபது.

சீட்டில் 286 என்று இருக்கிறது. 226 கூட வந்திருக்கிறது.

மூன்று மாதம் முன்னால் இப்படிக் கூட வந்த பணத்தைச் செலவு செய்துவிட்ட ஒருவனுக்கு அடுத்த மாதம் மொத்தமாகப் பிடித்தார்கள் என்று பக்கத்துக் கட்டிலில் பேசிக்கொண்டது அவன் காதில் விழுந்திருந்தது. அந்த 226ஐத் தனியாக எடுத்துத் தலையணை உறைக்குள் வைத்தான். வீட்டுக்கு அனுப்ப வேண்டிய கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. அதே சமயம் இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. பகலில் எட்டு மணி நேரத்துக்கு அவ்வளவு தருகிறவன், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் குனிந்து கட்டுகிற ஒரு மணிக்கு ஒன்றரைதான் தருவானா?

மேல் கட்டில் அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வந்தார். பதினோரு வருஷமாக இருக்கிறவர்.

“என்னடா, சீட்டையே பாத்துட்டு இருக்க?”

“கூடப் போட்டுட்டாங்கண்ணே.”

“எவ்வளவு?”

“இருநூத்து இருபத்தாறு.”

அவர் சீட்டை வாங்கி விளக்குப் பக்கம் நீட்டிப் பிடித்தார். பிறகு நோட்டை வாங்கினார். பெருக்கல் கணக்கைப் பார்த்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“அறுபதுன்னு போட்டிருக்கியே, அது சரிதான்.”

“சரின்னா, மீதி?”

“அறுபது சரி. ஆனா அது காசு இல்லடா, மணி.”

செல்வத்துக்குப் புரியவில்லை.

“நீ நாப்பது மணி கூட உழைச்ச. அதை ஒண்ணரை மடங்காக் கணக்குல எடுத்துக்குறான். நாப்பது மணி அறுபது மணி ஆயிடுச்சு. இப்ப உன் ஒரு மணி என்ன விலைன்னு பாக்கணும். அதைச் சீட்டுல போடவே இல்ல பாரு. நாமதான் கண்டுபிடிக்கணும்.”

போனை எடுத்து 1,144ஐ 240ஆல் வகுத்தார். 4.7666 என்று வந்தது. அதை அறுபதால் பெருக்கிக் காட்டினார். 286.

செல்வம் போனையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தலையணை உறைக்குள் கைவிட்டு, வைத்த பணத்தை எடுத்து மீதிப் பணத்தோடு சேர்த்தான். நோட்டில் அறுபது என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் ‘மணி’ என்று எழுதினான்.

---

வாசகி_நித்யா எழுதியது:

‘அது காசு இல்லடா, மணி’ என்ற இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு மேலே போய்த் திரும்பப் படித்தேன். நானும் செல்வத்தோடு சேர்ந்தே தப்பாகக் கணக்குப் போட்டிருந்தேன்! குறைவாக வந்ததற்காக அழாமல், கூடுதலாக வந்ததற்காகப் பயப்படுகிற ஆளாக அவனை எழுதியிருப்பது மனதைப் பிசைகிறது. ஒரு கேள்வி. அந்த 240 எங்கிருந்து வந்தது? அண்ணன் விளக்காமலே போய்விட்டார்.

பழைய_டர்னர் எழுதியது:

கதை அருமை தம்பி. ஆனா கணக்கு தப்பு. ஓவர்டைமுக்கு அடிப்படையை மட்டும் எடுக்கக் கூடாது, படியையும் சேர்க்கணும். 1,144ம் 200ம் 1,344. அதை 240ஆல வகுத்தா 5.60. அறுபது மணிக்கு 336 வரணும். பையனுக்கு 50 குறைச்சிருக்கான். நான் இந்தியாவுல மெஷின் ஷாப்ல இருபத்தாறு வருஷம் இருந்தவன். அப்போ இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி எங்களுக்கு ஓவர்டைம் ரெண்டு மடங்கு, அதுவும் படிகளைச் சேர்த்து. ஒண்ணரைங்கறதே எனக்குக் குறைவாத்தான் தெரியுது.

சம்பளக்_கணக்கர் எழுதியது:

ஐயா சொல்வது அவர் இருந்த இடத்துக்குச் சரி. அந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவில் வழக்கமான கூலி என்பதில் படிகளும் அடங்கின, போனஸ் அடங்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் அவனோடு விமானம் ஏறி வராது. வேலை எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டின் விதிதான் சீட்டுக்கும்.

நான் சிங்கப்பூரில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் போடுகிறவன். இங்கே ஓவர்டைமுக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும்தான். படிகளைச் சேர்ப்பதில்லை. அதனால் வேலைக்குச் சேரும் முன்பே, மொத்தம் எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தாமல் அதில் அடிப்படை எவ்வளவு என்று கேளுங்கள். மொத்தம் ஒன்றாக இருந்தாலும், அடிப்படையைக் குறைத்துப் படியைக் கூட்டி எழுதினால் ஓவர்டைம் தானாகக் குறையும்.

இப்போது நித்யா கேட்ட 240. கதையில் எனக்கு நெருடிய இடமும் அதுதான். அது 30 நாளை 8 மணியால் பெருக்கியது. மாதச் சம்பளம் முப்பது நாளும் எட்டு மணி நேர வேலைக்கானது என்று வைத்துக்கொண்டு ஒரு மணியின் விலையைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் செல்வம் முப்பது நாளும் வேலை செய்யவில்லையே. வார ஓய்வு நாள் இருக்கிறதே. வேலை செய்யாத மணியையும் வகுக்கிற எண்ணில் சேர்த்தால் ஒவ்வொரு மணியின் விலையும் இறங்கும். வகுக்கிற எண் பெரிதானால் கூலி சிறிதாகும், அவ்வளவுதான் விஷயம்.

இங்கே விதி வேறு. மாத அடிப்படையை 12ஆல் பெருக்கி ஒரு வருஷத்துக்கானதாக்க வேண்டும். வாரத்துக்கு 44 மணி, 52 வாரம் என்றால் வருஷத்துக்கு 2,288 மணி. அதால் வகுக்க வேண்டும். செல்வத்தின் எண்களையே போடுகிறேன்:

```
1144 x 12   = 13728
52 x 44     = 2288
13728/2288  = 6.00
6.00 x 1.5  = 9.00
9.00 x 40   = 360
```

அவன் கைக்கு வந்தது 286. அதே நாற்பது மணி, அதே ஒன்றரை. வித்தியாசம் 74. அண்ணன் ரேட் என்ற சொல்லை அழகாகப் புரியவைத்தார். ஆனால் 286 வருகிற மாதிரி ஒரு எண்ணை வைத்து வகுத்துக் காட்டிவிட்டு, சீட்டு சரி என்று முடித்துவிட்டார். விடை பொருந்துகிறது என்றால், கம்பெனி எப்படிக் கணக்குப் போட்டது என்று தெரிகிறது. அது சரியான கணக்கா என்பது தனிக் கேள்வி.

பழைய_டர்னர் எழுதியது:

ஒத்துக்கறேன் தம்பி. படி சேரும்னு நினைச்சது என் பழக்கம். ஆனா பையனுக்குக் குறைவா வந்திருக்குன்னு நான் சொன்னது சரியாத்தான் இருக்கு.

பாலைவனத்_தமிழன் எழுதியது:

அவசரப்படாதீங்க. கணக்கர் சொல்றது அவர் நாட்டுக்கு. கதையில நாடே இல்லையே.

நான் எமிரேட்ஸ்ல எட்டு வருஷமா இருக்கேன். என் முதல் சீட்டுல ஓவர்டைம் 1.25ன்னு இருந்துச்சு. என் மச்சான் சிங்கப்பூர்ல 1.5 வாங்குறான். கால் பங்கை அமுக்கிட்டாங்கன்னு ரெண்டு மாசம் மேனேஜர் முகத்தையே பாக்காம சுத்தினேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, இங்கே சட்டமே அடிப்படைக் கூலிக்கு மேல 25 சதவீதம்தான். ராத்திரி பத்து மணியிலேர்ந்து காலை நாலு மணிக்குள்ள செய்யற ஓவர்டைமுக்கு 50 சதவீதம். ஷிப்டு முறையில ராத்திரி வேலை பாக்கறவங்களுக்கு அந்த 50 கிடையாது. நான் பார்த்த சீட்டெல்லாம் 30 நாள், 8 மணின்னு வகுத்ததுதான். எனக்கு 240 உறுத்தல. அந்த அண்ணன் தப்பு பண்ணினார்னு சொல்ல முடியாது.

இன்னொண்ணு. எங்க சீட்டுல சில மாசம் அந்தக் கட்டத்துல 1.25ன்னு போடுவான். சாஃப்ட்வேர் மாத்தினப்புறம் ஒரு மணிக்கு இத்தனை திர்ஹாம்னு தொகையா வருது. தலைப்பு ரெண்டுலயும் ரேட்டுன்னுதான். செல்வம் குழம்பினதுல தப்பே இல்ல.

சம்பளக்_கணக்கர் எழுதியது:

அந்தக் கடைசி விஷயம் முக்கியமானது. எந்தக் கட்டத்தில் பெருக்கும் மடங்கு, எந்தக் கட்டத்தில் மணிக் கூலி என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஓவர்டைம் தொகையை ஓவர்டைம் மணியால் வகுங்கள். வருவதுதான் ஒரு மணிக்கு உண்மையில் கொடுத்த காசு. செல்வத்துக்கு 286ஐ 40ஆல் வகுத்தால் 7.15. ரேட் கட்டத்தில் 7.15 என்றே இருந்தால் அது தொகை. 1.5 என்று இருந்தால் அது மடங்கு. அப்போது 7.15ஐ 1.5ஆல் வகுத்தால் 4.77 என்று சாதாரண மணியின் விலை வரும். கடைசியாக, மாத அடிப்படையை அந்த 4.77ஆல் வகுத்தால் ஏறக்குறைய 240 வரும். கம்பெனி எந்த எண்ணால் வகுத்தது என்று தெரிந்துவிடும். சீட்டில் எழுதாத எண்ணை இப்படிப் பின்னாலிருந்து பிடிக்கலாம்.

மலேசியாவில் மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து ஒரு நாள் கூலி பிடிப்பார்கள். எட்டு மணி நாளாக இருந்தால் 208. செல்வத்தின் அடிப்படைக்கு மணிக்கு 5.50, அறுபது மணிக்கு 330.

புதுசா_வந்தவன் எழுதியது:

அண்ணன்மாரே, கதை நல்லா இருக்கு. நான் சிங்கப்பூர் வந்து ஏழு வாரம் ஆகுது. எனக்கும் ஓவர்டைம் பிரச்சினைதான், ரேட்டுல இல்ல. நோட்டுல நான் எழுதி வெச்சது 46 மணி. சீட்டுல 29 மணிதான் இருக்கு. கணக்கர் அண்ணன் சொன்ன மாதிரி வகுத்துப் பாத்தேன், ஒன்றரை சரியா வருது. ஆனா 17 மணியைக் காணோம். செல்வத்துக்கு மாதிரி எனக்கும் மணியைப் பெருக்கிட்டு வகுத்துட்டாங்களா?

சம்பளக்_கணக்கர் எழுதியது:

இல்லை தம்பி, மணியை யாரும் வகுக்க மாட்டார்கள். முதலில் ஒன்று பாருங்கள். சீட்டில் சம்பளக் காலம் என்று ஒரு வரியும், ஓவர்டைம் காலம் என்று இன்னொரு வரியும் இருக்கிறதா? இரண்டிலும் தேதி ஒன்றாக இருக்கிறதா?

புதுசா_வந்தவன் எழுதியது:

இருக்கு அண்ணே. சம்பளம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து மாசக் கடைசி வரை. ஓவர்டைம் போன மாசம் 21லேர்ந்து இந்த மாசம் 20 வரைக்கும்னு இருக்கு. ஆனா நான் சேர்ந்ததே ஒண்ணாம் தேதிதான்.

சம்பளக்_கணக்கர் எழுதியது:

அங்கேதான் இருக்கிறது. எங்கள் அலுவலகத்திலும் இப்படித்தான். தளத்திலிருந்து டைம்ஷீட் வந்து, சூப்பர்வைசர் கையெழுத்தைச் சரிபார்த்து, கணினியில் ஏற்ற ஒரு வாரம் ஆகும். அதனால் ஓவர்டைமை 20ஆம் தேதியோடு வெட்டிவிடுவோம். 21க்குப் பிறகு செய்தது அடுத்த சீட்டில் வரும். பழைய ஆட்களுக்கு இது தெரியாது, ஏனென்றால் போன மாத மிச்சம் இந்த மாதம் வந்துவிடும். முதல் மாதக்காரனுக்கு மட்டும் முன்மாத மிச்சம் இல்லாததால் மணி குறைந்து தெரியும். இங்கே சட்டப்படி ஓவர்டைம் காலம் வேறு என்றால் சீட்டில் அதைத் தனியாகக் காட்ட வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம். சம்பளத்தை ஏழு நாளுக்குள்ளும் ஓவர்டைம் காசைச் சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும்.

உங்கள் நோட்டில் 20ஆம் தேதி வரை எத்தனை மணி என்று கூட்டிப் பாருங்கள்.

புதுசா_வந்தவன் எழுதியது:

கூட்டினேன். 31. இன்னும் ரெண்டு மணி இடிக்குது.

கம்பிக்கட்டு எழுதியது:

தம்பி, ராத்திரி நேரம் கழித்து முடித்த நாள் ஏதாவது உண்டா? கான்கிரீட் போட்ட நாள்?

புதுசா_வந்தவன் எழுதியது:

நாலு நாள் அண்ணே. ஆறு மணிக்கு மேல பத்து மணி வரை. நாலு நாலு மணின்னு எழுதியிருக்கேன்.

கம்பிக்கட்டு எழுதியது:

அப்படியென்றால் சாப்பாட்டு இடைவேளை அரை மணி கழித்திருப்பார்கள். நாலு நாளுக்கு அரை அரை மணி, இரண்டு மணி. நானும் முதல் வருஷம் முழுக்க இதை விட்டுவிட்டு எழுதித்தான் சண்டை போட்டேன். இடைவேளை வேலை நேரத்தில் சேராது. நோட்டில் வந்த நேரம், போன நேரம், உட்கார்ந்த நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள்.

புதுசா_வந்தவன் எழுதியது:

ரெண்டு நாள் உட்கார்ந்தோம், சரி. மத்த ரெண்டு நாள் பம்ப் லாரி காத்துக்கிட்டு இருந்துச்சு. பத்து மணிக்கு முடிச்சப்புறம்தான் சாப்பிட்டோம். அப்ப ஒரு மணி எனக்கு வரணும்ல?

சம்பளக்_கணக்கர் எழுதியது:

இடைவேளை கொடுக்கவில்லை என்றால் அது வேலை நேரம்தான், வர வேண்டும். பல கம்பெனிகளில் கணினியே அந்த அரை மணியைத் தானாகக் கழித்துவிடும். தளத்தில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. சூப்பர்வைசர் டைம்ஷீட்டில் இடைவேளை இல்லை என்று எழுதியிருந்தால்தான் என்னைப் போன்றவன் அதைத் திரும்பச் சேர்ப்பான். அந்த இரண்டு தேதியையும் சொல்லி, டைம்ஷீட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 17 மணி காணோம் என்று போய் நிற்காதீர்கள். 15 மணி அடுத்த சீட்டில் வரும், ஒரு மணி இடைவேளைக்குப் போனது, கேட்க வேண்டியது ஒரு மணி.

வாசகி_நித்யா எழுதியது:

இந்தத் தம்பி போய்க் கேட்டு என்ன பதில் வந்தது என்று மறக்காமல் இங்கே எழுதுங்கள்.

கம்பிக்கட்டு அவர்களே, கதைக்கு வருகிறேன். கணக்கர் சொன்னதைப் படித்தபிறகு அந்த முடிவு எனக்குப் போதவில்லை. செல்வம் நிம்மதியாகப் பணத்தைச் சேர்த்து வைக்கிறான். ஆனால் 74 குறைந்திருக்கலாம். அது தெரியாமலே அவன் தூங்கப் போகிறான்.

பாலைவனத்_தமிழன் எழுதியது:

எந்த நாடுன்னு எழுதிட்டா பிரச்சினை தீர்ந்துடும். எழுதாத வரைக்கும் 286 சரின்னும் சொல்லலாம், தப்புன்னும் சொல்லலாம்.

கம்பிக்கட்டு எழுதியது:

நாட்டைப் போட மாட்டேன். போட்டால், நம்ம நாடு இல்லை என்று மற்றவன் படிக்காமல் போய்விடுவான். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த அண்ணன் நான்தான். ஒரு பையனுக்கு இப்படித்தான் 240ஆல் வகுத்துக் காட்டினேன். எனக்கு முன்னால் இருந்தவர் 240 என்றார், நானும் 240 என்றேன். எந்த விதியில் இருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கணக்கர் எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தப் பையன் முகம்தான் கண்முன் நிற்கிறது. பழைய போனில் அவன் நம்பர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடைசிப் பத்தியை மாற்றிவிட்டேன். இப்போது இப்படி முடிகிறது:

---

நோட்டில் அறுபது என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் ‘மணி’ என்று எழுதினான். பென்சிலை வைக்கப் போனவன் திரும்ப எடுத்தான்.

“அண்ணே, அந்த இருநூத்து நாப்பது என்ன?”

“முப்பது நாள், எட்டு மணி.”

“நாம வாரத்துல ஒரு நாள் வேலை செய்யறதில்லையேண்ணே?”

அவர் மேல் கட்டிலுக்கு ஏற ஒரு காலை வைத்திருந்தார். அந்தக் காலைக் கீழே இறக்கினார். சீட்டை மறுபடி வாங்கி, விளக்குப் பக்கம் நீட்டிப் பிடித்தார்.